மாமாவின் பதினைந்து வருசக் கார்

அந்தியூரில் பவானி ரோட்டை ஒட்டிய அந்த ஒர்க்‌ஷாப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதுகூட ஆகவில்லை. மெக்கானிக் அண்ணன் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒரு டர்போவைக் கழற்றி வைத்திருந்தார். உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் அலுமினிய நத்தை, இன்னொரு பக்கம் துருவேறிய இரும்பு நத்தை. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அச்சு. அலுமினியப் பக்கத்து இறக்கைச் சக்கரம் எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும்.

"புடிச்சு ஆட்டிப் பாருங்ணா" என்று மாமாவிடம் நீட்டினார்.

மாமா இரண்டு விரலால் சக்கரத்தின் முனையைப் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் ஆடியது. முன்னும் பின்னும் இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கவாட்டில் லேசாக ஆடுவதில் தப்பில்லை, ஆயில் உள்ளே வந்து நிரம்பினால் அது சரியாகிவிடும், ஆனால் முன்பின்னாகக் கைக்குத் தெரிகிற அளவுக்கு ஆடக் கூடாது என்றார் அண்ணன். நத்தையின் உள்சுவரில் சக்கரம் உரசிய கோடுகள் வட்டம் வட்டமாக மின்னின. அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாயையும் எடுத்துக் காட்டினார். மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு இழுத்தார். கறுப்பாக, தோசைக்கல்லில் தீய்ந்துபோன எண்ணெய் போல ஒன்று பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"வண்டி எத்தன கிலோமீட்டருங்க?" என்றேன்.

"அறுபத்திரெண்டாயிரம்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மாமாவுக்கு வயது 55. அந்தியூரிலிருந்து நாலு கிலோமீட்டரில் தோட்டம். கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால், மீதி மஞ்சளும் வாழையும். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுக்கப் போகிறார். "இதுதாண்டா மாப்ளே கடைசிக் காரு. ஆர்.சி. பதினஞ்சு வருசம்னா பதினஞ்சு வருசமும் ஓட்டோணும்" என்பது அவர் கணக்கு. தனியார் காருக்கு ஆர்.சி. முதலில் 15 வருடத்துக்குத்தான். அதன்பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். மாமாவுக்கு அந்த 15 போதும். வண்டியையும் முடிவு செய்துவிட்டார், மாருதி ஃபிராங்ஸ். இன்ஜினில்தான் சிக்கல். அந்த வண்டி ஒரே உடம்பில் இரண்டு இன்ஜின்களோடு வருகிறது. ஒன்று நாலு சிலிண்டர் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் இன்ஜின். இன்னொன்று மூன்று சிலிண்டர் 1 லிட்டர் டர்போ. டர்போவுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கூடுதல். ஷோரூம் பையன் டர்போ என்றான், மகன் டர்போ என்றான். என்னைக் கேட்டார். எனக்கும் வாயால் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஒரு நாள் ஒதுக்கி, இரண்டையும் ஓட்டிப் பார்த்து, கழற்றியதையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம்.

இப்படி இரண்டு சின்ன இன்ஜின்களுக்கு நடுவே நாம் தவிப்பதற்கு ஒரு வரிக் கணக்கு காரணம். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கு எக்சைஸ் வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால்தான் அது சின்னக் கார். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாக இறக்கியபோதும் பெட்ரோல் காருக்கு அதே கோடுதான். 1200 சிசிக்குமேல் போக முடியாது என்றால் கூடுதல் இழுவைக்கு இருப்பது ஒரே வழி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. அதைச் செய்வதுதான் செய்தித்தாள்மேல் கிடந்த அந்தத் தேங்காய்.

மலைக்குப் போவோம் என்றார் மாமா. ஷோரூம்காரர் டெஸ்ட் டிரைவ் வண்டியைப் பர்கூர் மலைக்கெல்லாம் தர மாட்டார். சொந்தத்தில் ஒரு வாத்தியாரிடம் 1.2 இருந்தது. என் சித்தப்பா மகன், வாரம் இரண்டு நாள் வேலையாகக் கோயமுத்தூர் போய் வருகிறவன், டர்போ வைத்திருந்தான். இரண்டும் கைக் கியர். ஆளுக்கு ஆள் மாறி ஓட்டுவது, இரண்டிலும் நாலு பேர், ஏசி போட்டபடி தாமரைக்கரை வரை ஏறி இறங்குவது என்று பேச்சு.

வரட்டுப்பள்ளம் தாண்டியதும் காடு தொடங்கிவிடுகிறது. முதலில் நான் டர்போவை எடுத்தேன். அந்த இன்ஜினின் முழு இழுவை 147.6 நியூட்டன் மீட்டர். அது 2,000 சுற்றிலேயே வந்துவிடும் என்று கம்பெனி சொல்கிறது. 1.2-க்கு 113, அதுவும் 4,400 சுற்றில். தாளில் படிக்கும்போது இது வெறும் எண். முதல் கொண்டை ஊசி வளைவில்தான் அர்த்தம் புரிந்தது. செகண்டு கியரில் வளைந்து, காலை லேசாக அழுத்தினேன். வண்டி சத்தமே போடாமல், யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல மேலே போனது. பின் சீட்டில் இருந்த அத்தை பேச்சை நிறுத்தவே இல்லை.

ஆனால் அடுத்த வளைவில் சோம்பேறித்தனமாகத் தேர்டு கியரிலேயே விட்டேன். முள் 1,500-க்குக் கீழே வந்தது. காலை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கணம், இரண்டு கணம். பிறகு திடீரென்று இழுத்தது. டர்போவைச் சுற்ற வைப்பது சைலன்சர் பக்கம் போகும் புகை. சுற்று குறைந்தால் புகை குறைவு, புகை குறைந்தால் தள்ளும் காற்று இல்லை. அந்த நேரத்தில் அது வெறும் 998 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். மலையில் பஸ் எதிரே வந்து நின்று எடுக்கும்போது இது தெரியும்.

தாமரைக்கரையில் டீ குடித்துவிட்டு வண்டியை மாற்றிக்கொண்டோம். ஒருமுறை கீழே இறங்கி, 1.2-ல் மறுபடி ஏறினோம். இதில் செகண்டு கியரை விட முடியவில்லை. முள் 3,500-க்கும் 4,000-க்கும் நடுவிலேயே நின்றது. இரண்டு வளைவுகளில் ஃபர்ஸ்ட் கியருக்கே போனேன். இன்ஜின் சத்தம் உள்ளே வந்தது, அத்தை குரலை உயர்த்திப் பேசவேண்டியதாயிற்று. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தியும் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில், அந்தியூரில் உறிஞ்சிய காற்றைவிட ஏழெட்டு சதவீதம் குறைவாகத்தான் சாதா இன்ஜின் உறிஞ்சும், அந்த அளவு பலமும் குறையும். டர்போ சக்கரத்தை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டு அந்தக் குறையைச் சரிக்கட்டிக்கொள்ளும். மலையில் டர்போதான் சுகம், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் சத்தம் போடுவதால் இன்ஜின் கெடுவதில்லை. 4,000 சுற்றில் அரை மணி நேரம் ஓடுவது அந்த 1.2-க்கு ஒரு பொருட்டே இல்லை. அது 6,000 சுற்றில் 90 குதிரைத்திறன் தருவதற்காகவே செய்யப்பட்டது. மலையில் காலை எடுத்து எடுத்து, கியரைக் குறைக்காமல் முக்க வைத்து ஓட்டுகிறோமே, அதுதான் எந்த இன்ஜினுக்கும் கேடு. டர்போவுக்கு இரட்டைக் கேடு. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இறக்கத்தில் இன்னொன்றும் கவனித்தேன். செகண்டு கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது 1.2 வண்டியைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்து நிறுத்துகிறது. சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு பெரிது, அதனால் இன்ஜின் பிரேக்கும் கொஞ்சம் அதிகம். டர்போவில் பிரேக்கை அடிக்கடி மிதிக்கவேண்டியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் மாமா கவனித்துவிட்டார். வழியில் செம்மறை மாடுகள் நாலைந்து ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்தன. பர்கூர் மாடு என்றால் மாமா எங்கேயும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார். நிறுத்தினோம்.

மதியம் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியபோது அந்த டர்போ அதே இடத்தில் கிடந்தது. இப்போதுதான் அதன் கதையை முழுசாகக் கேட்டோம்.

வண்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. சொந்தக்காரர் பக்கத்து ஊர். வருடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுவார். கையேட்டில் '10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அப்போது' ஆயில் மாற்றவேண்டும் என்று இருக்கிறது. அவர் முதல் பாதியை மட்டும் படித்தார். பத்தாயிரம் ஓட அவருக்கு ஏறக்குறைய இரண்டு வருடம். ஆக, ஒரே ஆயில் இரண்டு வெயில் காலத்தைப் பார்த்தது. பத்து வருடத்தில் ஆயில் மாற்றிய தடவைகளை ஒரு கையிலேயே எண்ணிவிடலாம்.

டர்போவின் அச்சு, ஓடும்போது எந்த உலோகத்தின்மேலும் உட்காருவதில்லை. பேரிங்குக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய ஆயில் படலம், அதன்மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. சுற்று நிமிடத்துக்கு இரண்டு லட்சம் வரை போகும். இன்ஜின் சுற்று 6,000-ஐத் தாண்டினாலே நாம் பயப்படுகிறோம். அச்சின் ஒரு முனையில் 900 டிகிரிக்குமேல் கொதிக்கும் புகை. நல்ல ஆயில் அந்தச் சூட்டைத் தாங்கும், கூடவே சூட்டை எடுத்துக்கொண்டு போகவும் செய்யும். பழைய ஆயில் அங்கேயே தீய்ந்து கரியாகும். அந்தக் கரி மெல்லிய குழாயில் படியும். குழாய் சுருங்கினால் ஆயில் குறையும், ஆயில் குறைந்தால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் கரி படியும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் அது தானாக நிற்காது.

"என்ர பொலிரோவுலயும் டர்போதானுங்க இருந்துது. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டுனேன், ஒண்ணும் ஆவலியே" என்றார் மாமா.

நியாயமான கேள்வி. கொங்கு நாட்டில் டர்போ புதுசு இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலிருந்து தோட்டத்துக்குச் சாமான் ஏற்றும் பிக்கப் வரை எல்லாம் டர்போதான். ஆனால் அவை டீசல். டீசல் புகை பெட்ரோல் புகையைவிடக் கணிசமாகச் சூடு குறைவு. டீசல் இன்ஜின் சுற்றுவதும் மெதுவாக. அதன் டர்போ உருவத்திலும் பெரிது, அதனால் அதுவும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் போதும். பெட்ரோல் காரின் சின்ன டர்போ அதிகச் சூட்டில் அதிக வேகத்தில் வேலை செய்கிறது. பொலிரோ பழக்கத்தை இதற்குக் கொண்டுவர முடியாது.

அந்த வண்டி முன்கூட்டியே சொல்லாமலும் இல்லை. முதலில் விசில் சத்தம் மாறியது. புது டர்போ மெல்லிசாக விசிலடிக்கும். இது ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்க ஆரம்பித்தது. பிறகு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை. பிறகு ஆயில் குறைவது. கடைசியாகத்தான் பிக்கப் விழுந்தது. முதல் இரண்டிலேயே வந்திருந்தால் குழாயை மாற்றி, ஆயில் மாற்றி, ஒருவேளை டர்போவைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அண்ணன். இப்போது புது டர்போவுக்கு மட்டும் அறுபதாயிரத்துக்குமேல் சொல்கிறார்களாம். நடுப்பகுதியை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் கோயமுத்தூரில் இருக்கிறார்கள். ஆனால் அச்சை இயந்திரத்தில் வைத்து பேலன்ஸ் பார்த்துத் தருகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். இரண்டு லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தில் ஒரு துளி எடை மாறினாலும் மறுபடி ஆட்டம் கண்டுவிடும்.

"டர்போவ மட்டும் குத்தம் சொல்லாதீங்க. இந்த இன்ஜின்ல இன்னொண்ணு இருக்குது" என்று சொல்லிவிட்டு என் சித்தப்பா மகனின் வண்டிப் பானட்டைத் திறந்தார் அண்ணன்.

ஃபிராங்ஸ் டர்போ இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. சாதா 1.2-ல் அப்படி இல்லை. வால்வுக்கு வெளியே, காற்று வரும் பாதையில் பீய்ச்சி, காற்றோடு கலந்து உள்ளே போகும். இதில் இரண்டு விளைவுகள். வெளியே பீய்ச்சும்போது பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே போகிறது. உள்ளே பீய்ச்சினால் கழுவ ஆள் இல்லை. இன்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி வால்வின்மேல் படிந்து வருடக்கணக்கில் கரியாகச் சேரும். அறுபது, எழுபதாயிரத்துக்குமேல் வண்டி ஐடிலில் குலுங்கினால் அதையும் சந்தேகிக்கவேண்டும். சுத்தம் செய்ய மேல்பாகத்தைக் கழற்றவேண்டும். இரண்டாவது, உள்ளே பீய்ச்சுவதற்குப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். சாதா வண்டிக்குச் சைக்கிள் டியூபில் அடிக்கும் அளவு அழுத்தம் போதும். இதற்கு அதைப்போலப் பல பத்து மடங்கு. அதனால் பம்பும் இன்ஜெக்டரும் விலை கூடியவை. அந்தியூரில் திறந்து பார்க்கும் சாமான் அல்ல.

பிறகு அண்ணன் டிப் ஸ்டிக்கை எடுத்து மாமாவின் மூக்கருகே நீட்டினார். ஆயில் வாசம்தான் வந்தது. "இந்தத் தம்பி கோயமுத்தூர் போயி வர்றாருங்க, அதனால சுத்தமா இருக்குது. நீங்க ஓட்டுனா ஆறே மாசத்துல இதுல பெட்ரோல் வாசம் வரும்."

மாமாவின் ஓட்டம் எப்படி என்று அவருக்குத் தெரியும். காலையில் தோட்டத்திலிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர். வெற்றிலை மார்க்கெட், கடை, பேங்க். மறுபடி நாலு கிலோமீட்டர். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுவார். ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் கூடுதலாகப் போகும். உள்ளே பீய்ச்சும் இன்ஜினில் அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் பட்டு வழிந்து ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும். நாலு கிலோமீட்டரில் ஆகாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறுகிறது என்றால் சந்தோஷப்படக் கூடாது, அது பெட்ரோல். 2018-ல் ஹோண்டாவின் 1.5 டர்போ வண்டிகளைச் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் இதற்காகவே திரும்ப அழைக்கவேண்டி வந்தது. அந்தியூர் வெயிலில் அந்த அளவுக்கு மோசமாகாது என்பது உண்மை. ஆனாலும் பெட்ரோல் கலந்து இளகிய ஆயில்தான் மேலே சொன்ன டர்போ அச்சுக்கும் போகிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

மலையில் விட்ட கதைக்கு இப்போது வருகிறேன். சின்ன டர்போ இன்ஜின், குறைந்த சுற்று, பெரிய கியர், முழுக் கால். இந்த நாலும் சேரும்போது பிளக் தீப்பொறி போடுவதற்கு முன்பே, சிலிண்டரில் ஒட்டியிருக்கும் ஒரு துளி ஆயிலோ கரியோ தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, நெருப்பு அதைக் கீழே அடிக்கிறது. சாதாரண நாக்கிங் போல 'கிணிங் கிணிங்' என்று இருக்காது, சுத்தியால் அடித்ததுபோல ஒரே அடி. மோசமாக நடந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துபோகும். இதைக் குறைப்பதற்காகவே ஆயிலின் கலவையை மாற்றினார்கள். 2020-ல் வந்த 'ஏபிஐ எஸ்பி' தரத்து ஆயில் இதற்கென்றே வைத்த சோதனையில் தேறியது. கேன்மேல் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். மலிவு ஆயில், தேர்டு கியர், பர்கூர் ஏற்றம், கூடவே நாலு பேர் என்றால் இன்ஜின் உடனே செத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் வலியப் போய்க் கேட்டு வாங்குவதாக இருக்கும்.

ஒர்க்‌ஷாப்பின் மூலையில் ஒரு பழைய சாதா இன்ஜின் கார் ஆயில் மாற்ற வந்து நின்றது. 2010 வண்டி. மீட்டரில் 2,31,000. ஹெட் கழற்றியதே இல்லை என்றார் அண்ணன். கிளட்ச் இரண்டு, வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஒருமுறை இன்ஜின் மவுண்ட். அவ்வளவுதான் அதன் வரலாறு. இந்த வண்டியும் அவ்வளவு நல்ல பராமரிப்பில் இருந்ததில்லை, இதற்கும் ஆயில் மாற்ற மறந்திருக்கிறார்கள். ஆனால் மறந்ததை மன்னிப்பதற்கு இதில் இடம் இருந்தது. 900 டிகிரிச் சூட்டுக்குப் பக்கத்தில் ஆயில் போகவேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

மன்னிக்கும் குணம்தான் பதினைந்து வருட வண்டிக்கு முக்கியம் என்று எனக்கு அங்கேதான் தோன்றியது. முதல் சில வருடம் யாரும் எதையும் மறப்பதில்லை. மாருதியில் வாரண்டி 3 வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், பணம் கட்டி நீட்டினால் ஆறாவது வருடம் வரை. மீதி ஒன்பது வருடம் சொந்தப் பையில். அந்த ஒன்பது வருடத்தில் மகன் வெளியூரில் இருப்பான், மாமாவுக்கு எழுபது நெருங்கும், வண்டி பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகும். ஸ்பேர் கிடைப்பதும் அப்போதுதான் கேள்வியாகும். மறைமலை நகரில் ஈக்கோஸ்போர்ட் செய்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்றுதான் சொன்னது. ஆனாலும் அதே ஈக்கோஸ்போர்ட்டை 1 லிட்டர் டர்போவோடு வாங்கியவருக்கும் சாதா 1.5 இன்ஜினோடு வாங்கியவருக்கும் ஒரே கவலையா இருந்திருக்கும்? மாருதி போய்விடாது. ஆனால் இதே 1 லிட்டர் டர்போவை முதலில் 2017-ல் பலேனோ ஆர்எஸ்ஸில் கொண்டுவந்து, 2020-ல் நிறுத்தி, 2023-ல் ஃபிராங்ஸில் மறுபடி கொண்டுவந்தார்கள். 1.2-ன் குடும்பமோ 2009 ரிட்ஸில் தொடங்கி ஸ்விஃப்ட், டிசையர், பலேனோ என்று ஊரெல்லாம் ஓடுகிறது. அந்தியூரில் எந்த மெக்கானிக்கும் இருட்டில்கூட அதன் பிளக்கைக் கழற்றுவார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர், பதினைந்து வருடத்துக்கு 1,35,000. வாங்கும்போது டர்போவுக்கு ஒரு லட்சம் கூடுதல். மாமாவின் நாலு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டர்போ என்றால் கையேடு என்ன சொன்னாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது நல்லது. அது பதினைந்து வருடத்தில் பதினைந்து தடவை கூடுதல். தடவைக்கு மூவாயிரத்து ஐந்நூறு வைத்தால் ஐம்பதாயிரத்துச் சொச்சம். பெட்ரோலில் மிச்சமாகுமா என்றால் ஆகாது. கம்பெனிக் கணக்கில் கைக் கியர் டர்போ லிட்டருக்கு 21.5, 1.2 லிட்டர் 21.79. இரண்டும் ஒன்றுதான். காலை அழுத்தினால் டர்போவில் சீக்கிரம் இறங்கும். ஆக, எதுவுமே கெடாவிட்டாலும் ஒன்றரை லட்சம். மாமா மலைக்குப் போவது வருடத்துக்கு நாலு தடவை. பதினைந்து வருடத்தில் அறுபது தடவை.

"ஒரு தடவ மலையேற ரெண்டாயிரத்தஞ்நூறு ரூவா" என்று மாமாவே வகுத்துச் சொன்னார். "அதுக்கு அத்தை கொஞ்சம் சத்தமாவே பேசிட்டு வரட்டும்."

என் சித்தப்பா மகனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவன் வாரத்துக்கு இரண்டு நாள் பவானி போய், லட்சுமி நகரில் நெடுஞ்சாலை ஏறி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோயமுத்தூர் போகிறான். லாரிகளைத் தாண்டும்போது கியர் குறைக்காமலே இழுக்கும் டர்போ அவனுக்கு வசதி மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட. நீண்ட ஓட்டத்தில் ஆயிலும் சூடாகிச் சுத்தமாகிறது. ஏழெட்டு வருடத்தில் வண்டியை மாற்றிவிடுவான். அவனிடம் நான் சொன்னது மூன்றே. ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் மாதம் பார்த்து மாற்று. 2,000 சுற்றுக்குக் கீழே முழுக்கால் அழுத்தாதே, கியரைக் குறை. மலையேறிய கையோடு, வேகமாக வந்த கையோடு சாவியைத் திருப்பாதே, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்து. கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தால் அந்த ஒரு நிமிடமும் வேண்டாம்.

மாமா மறுநாள் 1.2-க்கு முன்பணம் கட்டினார். ஆயிலை மறக்காமல் இருக்க ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறார். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் குதிரைச் சந்தை கூடும் வாரம், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், ஆயில் மாற்றவேண்டும்.